கும்பகோணத்தில் ஒரு சிறிய உடற்பயிற்சிக் கூடம்: இருக்கையும் ரத்தும்

"600 சதுர அடிக் கூடத்தில் குழு வகுப்பு தொடங்குகிறேன். எத்தனை பேரைச் சேர்க்கலாம், வராதவர்களை என்ன செய்வது?"

கை கால் வீசிச் செய்யும் பயிற்சிக்கு ஒருவருக்கு 40 சதுர அடி என்று வைத்தால், பயிற்சியாளர் போக 14 பேர்தான் நிற்க முடியும். வாரம் மூன்று நாள், மாதம் 12 வகுப்பு, கட்டணம் 1,500 ரூபாய் என்று கொள்வோம். பயிற்சியாளருக்கு வகுப்புக்கு 500, வாடகையிலும் மின்சாரத்திலும் அந்த வகுப்பின் பங்கு 300 என்றால் மாதச் செலவு 9,600 ரூபாய். ஆகவே ஏழாவது உறுப்பினரில்தான் முதல் தேறும்.

ஆனால் 14 பேரோடு நிறுத்திவிடாதீர்கள். பத்தில் ஏழு பேர் வருவதாக உங்கள் வருகைப் பதிவு காட்டினால், 18 பேரைச் சேர்த்தாலும் சராசரியாகப் பன்னிரண்டு பதின்மூன்று பேரே வருவார்கள். முன்பதிவை மட்டும் 14 இடங்களோடு மூடிவிட வேண்டும்.

மாதச் சந்தாவில் ஒருவர் வராததால் பணம் குறைவதில்லை, காத்திருந்தவருக்கு இடம் கிடைக்காமல் போவதே உண்மையான நட்டம், ஏனெனில் அவர்தான் அடுத்த மாதம் புதுப்பிக்க மாட்டார். எனவே காலை 6 மணி வகுப்பை முந்தைய இரவு 8 மணிக்குள் ரத்து செய்யாவிட்டால் ஒரு வகுப்பு கழியும் என்று சேரும்போதே எழுதிக் கொடுங்கள். மார்கழிக் காலைகளிலும் சம்பா அறுவடையிலும் வருகை சரியும். அதற்கு ஆண்டுக்கு ஒருமுறை 15 நாள் இடைநிறுத்தம் கொடுப்பது பணத்தைத் திருப்பித் தருவதைவிட நல்லது.