5எஸ் தணிக்கை: மதிப்பெண் வந்த பிறகு எங்கே தொடங்குவது?

கேள்வி: எங்கள் பட்டறையில், வேலையிடத்தை ஒழுங்காக வைக்கும் 5எஸ் முறைப்படி தணிக்கை செய்தோம். ஒவ்வொரு எஸ்ஸுக்கும் 20 மதிப்பெண். வேண்டாததை அகற்றும் சார்ட் 14, ஒவ்வொன்றுக்கும் இடம் குறிக்கும் செட் இன் ஆர்டர் 11, சுத்தம் செய்யும் ஷைன் 9, இவற்றை ஒரே முறையாக்கும் ஸ்டாண்டர்டைஸ் 13, எல்லாவற்றையும் விடாமல் தொடரும் சஸ்டெய்ன் 7, மொத்தம் 54. குறைவாக வந்த சஸ்டெய்னிலிருந்தே தொடங்கலாமா?

வேண்டாம். சஸ்டெய்ன் என்பது மற்ற நான்கும் நிலைக்கிறதா என்பதன் விளைவு. அதைத் தனியாகப் பிடித்து இழுத்தால், பயிற்சி வகுப்பும் கையெழுத்துப் படிவமும்தான் மிஞ்சும்.

எனக்கு உறுத்துவது வேறு. ஷைன் 9 இருக்கும்போது ஸ்டாண்டர்டைஸ் எப்படி 13 ஆகும்? சுவரில் அட்டவணை ஒட்டியிருப்பதைப் பார்த்தே மதிப்பெண் போட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். அட்டவணை இருந்தால் பாதி மதிப்பெண் போதும். அந்த மெஷினில் நிற்பவரிடம் “ஆயில் எந்தக் கோடுவரை இருக்கணும்?” என்று கேளுங்கள். அவர் கையால் காட்டினால்தான் மீதி.

அடுத்து, மொத்தத்தை மறந்துவிட்டு, மதிப்பெண் போன ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் காரணத்தை எழுதுங்கள். நான் பார்த்த ஒரு லேத் வரிசையில் தரையில் எண்ணெய், அதனால் ஷைன் போனது. எண்ணெயில் தரையில் இடம் குறித்த மஞ்சள் கோடு உரிந்தது, செட் இன் ஆர்டர் போனது. அதை உறிஞ்ச மரத்தூள் மூட்டைகள் சேர்ந்தன, சார்ட் போனது. எண்ணெய் துடைக்கும் காட்டன் வேஸ்ட் டிராலி எலக்ட்ரிக்கல் பேனலை மறைத்து நின்றது. தாளில் தனித்தனி வரிகள், காரணம் ஒரே ஆயில் கசிவு.

முதலில் அந்த டிராலியை நகர்த்தினார்கள். பேனல், தீயணைப்பான், எமர்ஜென்சி ஸ்டாப், வெளியேறும் வழி ஆகியவற்றை மறைக்கும் எதுவும் ஒரு மதிப்பெண்தான் குறைத்திருந்தாலும் அன்றே போக வேண்டும். இதற்கு மதிப்பெண் கணக்கே கிடையாது.

அப்புறம் கசிவு. தரையைத் துடைத்து, மெஷினுக்கு அடியில் பழுப்புத் தாள் விரித்தார்கள். நின்றிருந்த நேரத்தில் தாள் காய்ந்தே இருந்தது, ஓடும்போது ஹைட்ராலிக் யூனிட் பக்கம் மட்டும் துளிகள் விழுந்தன. அழுத்தம் ஏறும்போது மட்டும் கசிகிறது என்றால் ஹோஸ் இணைப்பைச் சந்தேகிக்கலாம். மெஷினை நிறுத்தி, அழுத்தத்தை இறக்கிவிட்டு ஹோஸை மாற்றினார்கள். ஓடும்போது கையால் தடவிக் கசிவு தேடக் கூடாது, அழுத்தத்தில் பீய்ச்சும் எண்ணெய் தோலுக்குள்ளேயே புகுந்துவிடும்.

கோடு போடும் வேலை அதற்குப் பிறகுதான். ஈரத்தரையில் புதுப் பெயின்ட் நிற்காது. பலரும் முதலில் பெயின்ட் டப்பாவைத் திறந்துவிடுகிறார்கள், அடுத்த தணிக்கையில் அதே வரியில் மறுபடி மதிப்பெண் போகிறது. ஸ்பேனர் போர்டு மாதிரி ஒரு ஷிஃப்டில் முடிகிற வேலைகளை இடையில் செய்துகொள்ளலாம். பணம் ஒதுக்க வேண்டியவற்றுக்கு ஆள் பெயரும் தேதியும் எழுதி வையுங்கள்.

மறுதணிக்கையை, சொல்லாமல், இரவு ஷிஃப்ட் முடியும் நேரத்தில் வையுங்கள். சஸ்டெய்னுக்கு உண்மையான மதிப்பெண் அப்போதுதான் தெரியும்.