சொட்டும் குழாய்: வாஷரா, கார்ட்ரிட்ஜா?

“குளியலறைக் குழாயை எவ்வளவு இறுக்கினாலும் சொட்டுகிறது. கடையில் வாஷரா கார்ட்ரிட்ஜா என்று கேட்கிறார்கள். கழற்றாமலே எப்படிச் சொல்வது?”

கைப்பிடியைத் திருப்பிப் பாருங்கள். முழுதாகத் திறக்க இரண்டு மூன்று சுற்று ஆகி, மூடும்போது கடைசியில் ரப்பர் நசுங்குவதுபோல் மெத்தென்று இறுகினால் அது வாஷர். கால் சுற்று அல்லது அரைச் சுற்றிலேயே டக்கென்று நின்றுவிட்டால் பீங்கான் தட்டு கொண்ட கார்ட்ரிட்ஜ்.

நீங்கள் ‘எவ்வளவு இறுக்கினாலும்’ என்று எழுதியிருப்பதால், வாஷர் தேய்ந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று கருதுகிறேன். மேல்தொட்டியிலிருந்து வரும் கேட் வால்வை மூடி, குழாயைத் திறந்து மிச்ச நீரை வடித்துவிட்டு, கைப்பிடியோடு சுழலும் தண்டான ஸ்பிண்டிலைக் கழற்றுங்கள். அதன் அடிநுனியில் இருக்கும் ரப்பரில் வட்டமாகப் பள்ளம் விழுந்திருந்தால், அதே அளவில் புதியது போட்டால் போதும்.

மாட்டுவதற்கு முன், வாஷர் உட்காரும் பித்தளை விளிம்பை விரலால் ஒருமுறை தடவிப் பாருங்கள். அங்கே சொரசொரப்போ வெட்டோ தென்பட்டால் புது வாஷரும் விரைவில் கிழிந்து மீண்டும் சொட்டும். அந்த விளிம்பைத் தேய்த்துச் சமன்செய்ய வேண்டும், அல்லது குழாயையே மாற்ற வேண்டும்.

கார்ட்ரிட்ஜாக இருந்தால் பழையதைக் கையோடு கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். உயரமும் கைப்பிடி மாட்டும் பற்களும் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும்.