ஆய்வேட்டின் ஓர் அத்தியாயத்தை அப்படியே போஸ்டரில் வைக்காதீர்கள்

கேள்வி: துறைக் கண்காட்சிக்கு என் ஆய்வேட்டின் ஓர் அத்தியாயத்தைப் போஸ்டராக்கச் சொல்லியிருக்கிறார்கள். எதை வைப்பது, எதை விடுவது?

முன்னுரை, செய்முறை, முடிவு என்று எல்லாவற்றையும் சுருக்கி ஒட்டும்படி உங்கள் கைடும் சொல்லியிருப்பார். புதுச்சேரியில் எங்கள் துறையிலும் அதுதான் வழக்கம். நான் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை.

என் அத்தியாயம் பிச்சாவரம் அலையாத்திக் காட்டு மண்ணின் உப்புத்தன்மை பற்றியது. அதில் பக்கக்கணக்கில் அட்டவணைகள். ஆனால் சொல்ல வேண்டிய செய்தி ஒன்றுதான்: கால்வாய் ஓரத்தில் சுரபுன்னை, உள்ளே போகப் போக மண்ணில் உப்பு ஏறி, அதைத் தாங்கும் வெண்கண்டல். அதையே தலைப்பாக எழுதினேன். "உப்புத்தன்மை குறித்த ஓர் ஆய்வு" என்று எழுதினால் யார் நிற்பார்கள்? அட்டவணைகளை விட்டுவிட்டு, கால்வாயிலிருந்து உள்காடு வரை ஒரு குறுக்குவெட்டுப் படம் வரைந்தேன். கீழே மரங்கள், அவற்றுக்கு நேர் மேலே உப்பின் கோடு. போஸ்டரின் பாதி இடம் அதற்கே போனது. மண் எடுத்த முறைக்கு நான்கு வரி போதும்.

உரையே இல்லையே என்பார்கள். கருத்தரங்குக்கு வேண்டுமானால் இன்னும் கொஞ்சம் சேர்க்கலாம். துறைக் கண்காட்சிக்குப் பள்ளிப் பிள்ளைகளும் வருகிறார்கள், அவர்களும் வாசிக்க வேண்டாமா?

பவர்பாயின்டில் முதலிலேயே பக்க அளவை 84.1 × 118.9 செ.மீ. என்று வைத்துவிடுங்கள். அதுதான் A0. ஆய்வேட்டுப் படத்தை இழுத்துப் பெரிதாக்காதீர்கள். 15 செ.மீ. அகலத்தில் 300 டிபிஐயில் இருந்த படம் 60 செ.மீ.க்குப் போனால் 75 டிபிஐதான், எழுத்தெல்லாம் மங்கிவிடும். வரைபடத்தை SVG ஆகச் சேமித்துச் செருகினால் எவ்வளவு பெரிதாக்கினாலும் கூர்மை போகாது.

அப்புறம் முழுப் போஸ்டரையும் ஒரு A4 தாளில் அச்சடித்துப் பாருங்கள். நீள அகலம் நான்கில் ஒன்றாகும், 28 பாயின்ட் எழுத்து 7 பாயின்ட் ஆகும். கையில் பிடித்து அதைச் சிரமமில்லாமல் படிக்க முடிந்தால், சுவரில் மாட்டியதை ஒரு மீட்டர் தள்ளி நின்றும் படிக்கலாம். முடியாவிட்டால் எழுத்தைச் சுருக்க வேண்டாம், வாக்கியங்களை வெட்டுங்கள்.

இதையெல்லாம் கைக்காசில்தான் செய்ய வேண்டியிருக்கிறது. உதவித்தொகை மாதக்கணக்கில் வராமல் கிடக்க, அச்சுச் செலவும் மாணவன் தலையில். கேட்டால் "கண்காட்சி உங்களுக்குத்தானே" என்கிறார்கள். இது நியாயமே இல்லை.

சரி, கடைசியாக ஒன்று. பிளெக்ஸ் கடைக்கு PPTX கொண்டு போகாதீர்கள், எழுத்துருக்களை உள்ளடக்கிய PDF கொடுங்கள். கடைக்காரர் அதை கோரல்டிராவில் திறந்தால் தமிழில் கொம்பும் காலும் இடம் மாறிவிடக்கூடும். அச்சுக்கு அனுப்பும்முன் அவர் திரையிலேயே "கொ", "ணை" வரும் சொற்களை நீங்களே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.