காசுக் குத்தகையா, வாரமா? வயற்காணி பற்றிய கேள்வி-பதில்

கேள்வி: நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன். கிளிநொச்சியில் அப்பாவின் வயல் உண்டு. ஒருவர் காலபோகத்துக்கு ஏக்கருக்கு 35,000 ரூபா தருவதாகச் சொல்கிறார். இன்னொருவர் விளைச்சலில் கால் பங்கு தந்து வாரத்துக்குச் செய்வதாகச் சொல்கிறார். எதற்குக் கொடுக்கலாம்?

பதில்: முதலில் உங்கள் வயல் எவ்வளவு விளையும் என்று தெரிய வேண்டும். கணக்குக்காக ஒரு கிலோ நெல்லை 100 ரூபா என்று வைப்போம். கால் பங்கு 35,000 ரூபா பெற வேண்டுமென்றால் ஏக்கருக்கு 1,400 கிலோ விளைய வேண்டும். 1,800 கிலோ விளைந்தால் வாரத்தில் 45,000 கிடைக்கும். வெள்ளத்தில் 900 ஆகிப் போனால் 22,500தான்.

இப்போது செய்பவர் பக்கம் பாருங்கள். அவருடைய செலவு ஏக்கருக்கு ஒரு லட்சம் என்றால், அந்த 900 கிலோ வருடத்தில் வாரத்துக்குச் செய்தவருக்கு 32,500 நட்டம். காசுக் குத்தகைக்கு எடுத்தவருக்கு 45,000. அடுத்த போகத்துக்கு அவர் கையில் காசிருக்காது. உரம் குறையும், வரம்பு கட்டமாட்டார், பாதிப்பு உங்கள் காணிக்குத்தான். வாய்க்கால் தண்ணீர் நிச்சயமான வயலென்றால் காசுக்குக் கொடுங்கள். மழையை நம்பிய மானாவாரி வயலென்றால் வாரமே நியாயம் என்பேன்.

கேள்வி: வாரத்துக்குக் கொடுத்தோம். எங்கள் பங்கு 450 கிலோ என்று ஏற்றி அனுப்பினார்கள். ஆலையில் காய வைத்து நிறுத்தால் 408தான். ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: அப்படி நினைக்காதீர்கள். வெட்டு மெசினில் இருந்து இறங்கும் நெல் பச்சையாகவே இருக்கும். ஈரப்பதன் 22 வீதத்தில் இருந்து 14 வீதத்துக்கு இறங்கினால் 450 கிலோ சரியாக 408 ஆகும். பிழை பேச்சில்தான். பச்சை நெல்லில் பங்கா, காய்ந்ததிலா என்று விதைப்புக்கு முன்பே பேசி முடியுங்கள். வெட்டு நாளில் வயலில் ஒருவர் நின்று மூடையை எண்ணுவதும் அவசியம். கொழும்பில் இருந்துகொண்டு வாரம் வாங்குபவர்கள் தோற்பது பெரும்பாலும் அந்த ஒரு நாளில்தான். அங்கே நிற்க உங்களுக்கு ஆள் இல்லையென்றால், கொஞ்சம் குறைந்தாலும் காசுக் குத்தகையே நிம்மதி.

கேள்வி: எழுத்து வேண்டுமா? வாய்ப்பேச்சு போதாதா?

பதில்: 12 மாதத்துக்கு மேற்படாமல், விளைச்சலில் பங்குக்கு வயல் செய்யக் கொடுப்பதை வாய்ப்பேச்சாகவே சட்டம் ஏற்கிறது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தில் உள்ள விலக்கு அது. காசுக் குத்தகைக்கு அந்த விலக்கு இல்லை. ஒரு மாதத்துக்கு மேல் என்றால் நொத்தாரிசு முன் எழுத வேண்டும். அதோடு, 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்க கமநல அபிவிருத்திச் சட்டம் வயல் செய்யும் குத்தகைக் கமக்காரருக்குப் பாதுகாப்புத் தருகிறது. நினைத்தவுடன் அவரை எழுப்பிவிட முடியாது. அதற்குப் பயந்து கமநல சேவை நிலையத்தில் அவருடைய பெயரை மறைத்தால், உர மானியம் எடுக்கும்போது அவர்தான் அலைவார். பெயரைக் கொடுங்கள். எந்தப் போகம், எத்தனை ஏக்கர், என்ன பங்கு என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்திருங்கள்.