நடக்க முடிந்தும் கணுக்கால் எலும்பு முறிந்திருக்குமா?

கேள்வி: அம்மாவுக்கு 52 வயது. வாசல் படியில் கால் பிசகி விழுந்துவிட்டார். நொண்டிக்கொண்டே உள்ளே நடந்து வந்ததால் சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் தடவினோம். மறுநாள் எடுத்த எக்ஸ்ரே அறிக்கையில் "லேட்டரல் மல்லியோலஸ், ஒப்ளீக் ஃபிராக்சர், அன்டிஸ்பிளேஸ்டு, வெபர் பி, மார்டிஸ் இன்டாக்ட்" என்று போட்டிருக்கிறார்கள். நடக்க முடிந்தால் முறிவு இல்லை என்பார்களே? இந்த வார்த்தைகளுக்கு என்ன பொருள்? ஆபரேஷன் தேவைப்படுமா?

பதில்:

நடந்தாலும் முறிந்திருக்கலாம். முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகள் இருக்கின்றன. உடல் எடையில் பெரும்பகுதியைத் தாங்குவது தடித்த டிபியா. அம்மாவுக்கு முறிந்திருப்பது அதன் வெளிப்பக்கத்தில் இருக்கும் மெல்லிய ஃபிபுலாவின் அடிமுனை. அதன்மேல் விழும் எடை குறைவு. ஆகவே துண்டு விலகாதவரை பல்லைக் கடித்துக்கொண்டு நடந்துவிட முடியும். வீக்கத்தை வைத்தும் தீர்ப்புச் சொல்ல முடியாது. எலும்புகளைப் பிணைக்கும் நாரான லிகமென்ட் கிழிந்த சுளுக்கில் கணு தெரியாத அளவுக்கு வீங்கிக் கருநீலம் பாயும். விலகாத முறிவில் வீக்கம் சுமாராகவே இருக்கும்.

நான் எலும்பு முறிவுச் சிகிச்சை மருத்துவர். கால் பிசகி வருபவர்களிடம் வலி எவ்வளவு என்று கேட்பதைவிட, எந்த இடத்தில் என்று விரலால் அழுத்திப் பார்ப்பதையே பெரிதும் நம்புகிறேன். இதற்கென்று ஒரு நல்ல விதிமுறை உண்டு. கனடாவின் ஒட்டாவா நகரில் இயன் ஸ்டீல் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1992-இல் வெளியிட்டது. இன்று உலகெங்கும் அவசரப் பிரிவுகளில் அதைத்தான் பின்பற்றுகிறார்கள்.

அதில் கணுக்காலுக்கான பகுதி எளிமையானது. கணுவின் வெளிப்பக்க எலும்பில், நுனியிலிருந்து மேலே 6 செ.மீ. வரை, பின்விளிம்பை அழுத்த வேண்டும். உள்பக்கக் கணுவிலும் அப்படியே. எங்கேயாவது எலும்பின்மேல் வலித்தால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். அடிபட்ட உடனேயும், மருத்துவர் பார்க்கும்போதும் நான்கு அடி எடுத்து வைக்க முடியாமல் போனாலும் எடுக்க வேண்டும். நொண்டி நடந்தாலும் அது நடந்ததாகவே கணக்கு. பாதத்தின் நடுப்பகுதி வலித்தால் இன்னும் இரண்டு இடங்களை அழுத்திப் பார்ப்போம்: சுண்டுவிரல் பக்கத்து ஓரத்தில், பாதத்தின் நடுவே புடைத்து நிற்கும் எலும்பு ஒன்று, உள்பக்க வளைவின் உச்சியில் இருக்கும் எலும்பு இன்னொன்று.

முன்விளிம்பை விட்டுப் பின்விளிம்பை அழுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. பாதம் உள்பக்கமாகப் பிசகும்போது முதலில் கிழியும் லிகமென்ட் வெளிக்கணுவின் முன்விளிம்பில்தான் ஒட்டியிருக்கிறது. அதனால் சாதாரணச் சுளுக்கில் வலி கணுவுக்கு முன்னும் கீழும், மெத்தென்று வீங்கிய இடத்தில் இருக்கும். பின்விளிம்பில் அந்த லிகமென்ட் இல்லை. அங்கே கட்டைவிரலை வைத்து அழுத்தும்போது ஒருவர் காலை இழுத்துக்கொண்டால், வலிப்பது எலும்பாக இருக்க வாய்ப்பு அதிகம். உங்கள் அம்மா நடந்தது உண்மை. ஆனால் பின்விளிம்பை அழுத்தியிருந்தால் வலித்திருக்கும் என்றே நினைக்கிறேன். நடப்பது, எலும்பின்மேல் வலி இல்லாதது ஆகிய இரண்டும் சேர்ந்தால்தான் எக்ஸ்ரே இல்லாமல் விடலாம்.

இந்த விதி முறிவைக் கண்டுபிடித்துச் சொல்வதில்லை. முறிவு இல்லாதவரை அடையாளம் காட்டுகிறது. அழுத்தினால் வலிக்கிறது என்று எக்ஸ்ரேவுக்கு அனுப்பப்படுபவர்களில் பெரும்பாலோருக்கு முறிவு இருக்காது. ஆனால் விதிப்படி எக்ஸ்ரே தேவையில்லை என்று அனுப்பப்பட்டவருக்கு முக்கியமான முறிவு இருப்பது மிக அரிது. ஒரு எச்சரிக்கை: அம்மாவுக்கு நீண்ட நாள் சர்க்கரை நோய் இருந்து பாதம் மரத்துப்போயிருந்தால் இந்தச் சோதனையை நம்பக் கூடாது. வலி உணராத காலில் முறிவு இருந்தும் அவர் நடந்துகொண்டே இருப்பார். குடித்திருப்பவரிடமும், வேறு பெரிய காயம் பட்டவரிடமும் இதே சிக்கல்தான். வளரும் குழந்தைகளுக்கு எலும்பு முனையில் இருக்கும் வளர்ச்சித் தகடு விலகியிருந்தும் எக்ஸ்ரேயில் எதுவும் தெரியாமல் போவதுண்டு.

இனி உங்கள் அறிக்கை. முறிவை விவரிக்கும்போது நாங்கள் ஒரு வரிசையில் சொல்வோம்: எந்த எலும்பு, எந்த இடம், கோடு எப்படி ஓடுகிறது, துண்டு விலகியிருக்கிறதா, மூட்டு எப்படி இருக்கிறது. "லேட்டரல் மல்லியோலஸ்" என்பது வெளிக்கணு, அதாவது ஃபிபுலாவின் அடிமுனை. "ஒப்ளீக்" என்றால் சாய்வான கோடு. கோட்டின் போக்கைப் பார்த்தே கால் எப்படி மடங்கியது என்று ஊகிக்கலாம். பாதம் உள்பக்கம் மடிந்து லிகமென்ட் இழுத்ததில் எலும்பின் நுனி பிய்ந்தால் கோடு குறுக்காக இருக்கும். பாதம் தரையில் ஊன்றியிருக்க உடல் திரும்பிவிட்டால் கோடு சாய்வாகவோ சுருளாகவோ ஓடும். எலும்பு பல துண்டுகளாகச் சிதறியிருந்தால் மோதிய வேகம் அதிகம் என்று பொருள். அம்மா படியில் கால் ஊன்றித் திரும்பி விழுந்திருக்க வேண்டும்.

ஃபிலிம் கையில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். கணுக்காலுக்கு மூன்று கோணங்களில் எடுப்பார்கள்: நேராக, பக்கவாட்டில், பாதத்தை உள்பக்கமாக 15 முதல் 20 டிகிரி திருப்பி. நேர்ப்படத்தில் ஃபிபுலா டிபியாவின் ஓரத்தோடு ஒன்றன்மேல் ஒன்றாக விழுவதால் இவ்வகை முறிவு மறைந்துவிடலாம். பக்கவாட்டுப் படத்தில்தான் அது நன்றாகத் தெரியும்: முன்பக்கத்தில் தாழ்வாகத் தொடங்கி, பின்பக்கம் நோக்கி மேலேறும் மெல்லிய கறுப்புக் கோடு. கணுவின் நுனிக்கு அருகே ஒரு சிறு எலும்புத் துண்டு தனியாகத் தெரிந்தால் உடனே பயப்பட வேண்டாம். சிலருக்கு அது பிறவியிலேயே இருக்கும், அல்லது பழைய காயத்தின் மிச்சமாக இருக்கும். அப்படிப்பட்ட துண்டு உருண்டையாக, சுற்றிலும் வெள்ளை விளிம்போடு இருக்கும். புதிதாக உடைந்த துண்டின் உடைந்த பக்கத்தில் அந்த வெள்ளை விளிம்பு இருக்காது.

"அன்டிஸ்பிளேஸ்டு" என்றால் துண்டுகள் இடம் விலகவில்லை. "வெபர் பி" என்பது முறிவின் உயரத்தைக் குறிக்கும் வகைப்பாடு. டானிஸ், வெபர் என்ற இரு மருத்துவர்களின் பெயரால் வழங்குகிறது. டிபியாவையும் ஃபிபுலாவையும் கணுவுக்குச் சற்று மேலே வலுவான லிகமென்ட் பிணைத்திருக்கிறது. முறிவு அந்த இணைப்புக்குக் கீழே இருந்தால் ஏ, அதே மட்டத்தில் இருந்தால் பி, மேலே இருந்தால் சி. ஏ வகை பெரும்பாலும் உறுதியானது. சி வகையில் அந்த இணைப்பே கிழிந்திருக்கும். பலருக்கும் ஆபரேஷன் தேவைப்படும். பி வகை நடுவில் நிற்கிறது. கோடு ஒரே மாதிரி இருந்தும் ஒருவருக்கு மாவுக்கட்டு போதும், இன்னொருவருக்குத் தகடும் திருகும் வைக்க வேண்டியிருக்கும்.

அதைத் தீர்மானிப்பது அறிக்கையின் கடைசி இரண்டு வார்த்தைகள். என்னைக் கேட்டால் அவைதான் முதலில் வர வேண்டும். கணுக்கால் மூட்டு ஒரு சிறு அறை போன்றது. மேலே டிபியாவின் அடிப்பரப்பு கூரை, உள்கணுவும் வெளிக்கணுவும் இரு சுவர்கள், உள்ளே டேலஸ் என்ற எலும்பு. இந்த அறையைத்தான் மார்டிஸ் என்கிறோம். வெளிச்சுவரில் விரிசல் விழுந்தாலும், உள்பக்கத்தில் டேலஸை இழுத்துப் பிடித்திருக்கும் டெல்டாய்டு லிகமென்ட் முழுதாக இருந்தால் டேலஸ் நகராது. அதுவும் கிழிந்திருந்தால் டேலஸ் வெளிப்பக்கம் நழுவும். இறந்தவர் உடலின் கணுக்கால்களில் ராம்சே, ஹாமில்டன் இருவரும் செய்து 1976-இல் வெளியிட்ட ஆய்வில், டேலஸ் வெறும் 1 மி.மீ. வெளியே நகர்ந்ததுமே மூட்டின் தொடுபரப்பு 42 சதவீதம் குறைந்தது. எடையெல்லாம் சிறு பரப்பில் விழுந்தால் குருத்தெலும்பு தேய்ந்து, பின்னாளில் மூட்டுவாதம் வரும்.

பாதத்தை உள்பக்கமாகத் திருப்பி எடுத்த மூன்றாவது படத்தில் உள்கணுவுக்கும் டேலஸுக்கும் இடையிலான இடைவெளியைப் பாருங்கள். அது 4 மி.மீ.க்கு மிகாமல், மேலே கூரைக்கும் டேலஸுக்கும் இடையிலான இடைவெளியை ஒத்திருக்க வேண்டும். "மார்டிஸ் இன்டாக்ட்" என்றால் அப்படி இருக்கிறது என்று பொருள். ஆனால் அது படுத்த நிலையில், எடை ஏறாமல் எடுத்த படம். உள்பக்கம் வலிக்கிறதா, வீங்கியிருக்கிறதா என்பதும் டெல்டாய்டு கிழிந்ததா என்பதைத் தெளிவாகச் சொல்வதில்லை. அதனால் வெபர் பி முறிவில், வலி சற்றுத் தணிந்ததும் அவரை நிற்கவைத்து எடுக்கும் எக்ஸ்ரேவுக்கு மதிப்பு அதிகம். எடை ஏறிய பிறகும் இடைவெளி அகலாமல் இருந்தால் மூட்டு உறுதியானது.

எக்ஸ்ரே "நார்மல்" என்று வந்தும் ஏமாற்றக்கூடிய முறிவு ஒன்றும் உண்டு. கால்பந்து ஆடும்போது கால் திரும்பிய மாணவர் ஒருவர் சுளுக்கு என்று என்னிடம் வந்தார். கணுவில் எலும்பு முறிவு எதுவும் தெரியவில்லை, ஆனால் உள்பக்க இடைவெளி அகன்றிருந்தது. முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கத்தில் அழுத்தியதும் துள்ளினார். முழுக் காலையும் எக்ஸ்ரே எடுத்தபோது ஃபிபுலா அங்கேதான் முறிந்திருந்தது. மெசனூவ் முறிவு என்று அதற்குப் பெயர். கணுவிலிருந்து மேலே வரை இரு எலும்புகளின் இணைப்பும் கிழிந்திருந்ததால் அவருக்கு ஆபரேஷன் செய்ய வேண்டியிருந்தது. கணுவை மட்டும் பார்த்திருந்தால் கிரேப் பேண்டேஜ் சுற்றி அனுப்பியிருப்போம்.

உங்கள் அம்மாவின் அறிக்கை சொல்வது உண்மையிலேயே உறுதியான மூட்டு என்றால், ஆபரேஷன் தேவைப்படாது. முதலில் வீக்கத்துக்கு இடம் விட்டு ஸ்லாப் எனப்படும் அரைக்கட்டு, பிறகு முழங்காலுக்குக் கீழே மாவுக்கட்டு அல்லது கழற்றி மாட்டும் பூட்ஸ், சுமார் 6 வாரம். உறுதியான முறிவு என்று மருத்துவர் சொன்னால், வலி பொறுக்கும் அளவுக்குக் காலை ஊன்றலாம். எண்ணெய் தடவி உருவிவிடுவதை மட்டும் இப்போதே நிறுத்துங்கள். விலகாத துண்டை விலக வைக்க அது போதும்.

மருத்துவரிடம் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: நிற்கவைத்து எக்ஸ்ரே எப்போது எடுப்பீர்கள்? முதல் இரண்டு வாரத்துக்குள் மறுபடியும் எடுத்துத் துண்டு விலகியிருக்கிறதா என்று பார்ப்பீர்களா? விலகும் முறிவு பெரும்பாலும் அந்தக் காலத்திலேயே விலகும். அப்போது கண்டுபிடித்தால் சரிசெய்வதும் எளிது. கட்டுப் போட்ட பின் விரல்கள் மரத்தாலோ, நீலம் பாய்ந்தாலோ, மாத்திரைக்கும் அடங்காமல் வலி ஏறிக்கொண்டே போனாலோ, கெண்டைச்சதை வீங்கி வலித்தாலோ அடுத்த சோதனைக்குக் காத்திருக்காமல் இரவானாலும் மருத்துவமனைக்குக் கூட்டிச் செல்லுங்கள்.