கப்பல் பதிவேட்டில் ‘காஸ்ட்: மலபார்’ என்றால் என்ன சாதி?

கேள்வி: “என் கொள்ளுத்தாத்தா தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலியாக வந்தவர். அவருடைய பதிவில் ‘காஸ்ட்’ என்ற இடத்தில் ‘மலபார்’ என்று இருக்கிறது. தமிழில் குடும்ப வரலாறு எழுதுகிறேன். அதைச் சாதி என்று எழுதலாமா? இனம், குலம் என்பவை வேறா?”

எழுத வேண்டாம். எங்கள் குடும்பத்தில் நான் அதே தவற்றைச் செய்தேன். ‘சாதி: மலபார்’ என்று எழுதி உறவினர்களுக்குக் கொடுத்தேன். சில மாதங்களில், நாம் மலையாள நாட்டிலிருந்து வந்தவர்கள் என்றே டர்பனில் பாதிக் குடும்பம் நம்பத் தொடங்கிவிட்டது.

அக்காலத்து ஆங்கிலேயர் தமிழ் பேசுபவரை ‘மலபார்’ என்றும், தெலுங்கு பேசுபவரை ‘ஜென்டூ’ என்றும் குறித்தார்கள். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து டர்பன் வந்துசேர்ந்த முதல் ஒப்பந்தக் கூலிக் கப்பலான ட்ரூரோ முதலாக, ‘காஸ்ட்’ என்ற ஒரே கட்டத்துக்குள் உண்மையான சாதிப் பெயரும் உண்டு, ‘கிறித்தவர்’ என்பதும் உண்டு, மொழிப் பெயரும் உண்டு. எழுத்தர் எதை எழுதினாரோ அதுதான் ‘காஸ்ட்’. அதே வரிசையில் ஜில்லா, ஊர் ஆகியவற்றைப் பாருங்கள். ஜில்லா வட ஆர்க்காடு என்றிருந்தால் ‘மலபார்’ பெரும்பாலும் தமிழரைத்தான் குறிக்கும். ஜில்லாவே மலபார் என்றிருந்தால் கதை வேறு.

சாதி என்ற சொல்லுக்கே ‘பிறந்த வகை’ என்பதுதான் அடிப்பொருள். மனித சாதி என்கிறோம். ஆனால் குடும்ப வரலாற்றில் அந்தச் சொல்லைப் பார்ப்பவர் யாரும் அந்தப் பொருளை நினைக்கமாட்டார், திருமண உறவு கொள்ளும் வட்டத்தைத்தான் நினைப்பார். குலம் அதற்குள் அடங்கிய கிளை. கொங்கு வேளாளரைப் பாருங்கள்: பெண் எடுப்பது சாதிக்குள், ஆனால் ஒரே குலத்துக்குள் எடுக்கக் கூடாது, அவர்கள் பங்காளிகள். ஆகவே குலத்தைச் சாதி என்று எழுதினால் திருமண விதியே தலைகீழாகிவிடும். உங்கள் பாட்டி குலதெய்வத்தின் பெயரையும் அதன் ஊரையும் சொல்லியிருந்தால், குலத்தைத் தேட அது பதிவேட்டைவிட நல்ல தடயம்.

இனம் இவற்றைவிட நெகிழ்வானது. திருக்குறளில் ‘சிற்றினம்’ தீய கூட்டாளிகளைக் குறிக்கிறது. இலக்கணத்தில் ‘இன எழுத்து’ உண்டு. இலங்கைச் செய்தியில் இனம் மொழியும் பண்பாடும் சார்ந்த மக்கள் கூட்டம். இங்கே தென்னாப்பிரிக்காவிலோ 1950ஆம் ஆண்டின் மக்கள் பதிவுச் சட்டம் தந்த ‘ரேஸ்’ என்ற முத்திரைக்கும் அதே சொல்லைப் போடுகிறோம். அச்சட்டத்தின் கீழ் 1959இல் வந்த அறிவிப்பு இந்தியரைக் ‘கலப்பினத்தவர்’ என்ற பிரிவின் உட்பிரிவாகவே வைத்தது. அதில் தமிழரும் குஜராத்தியரும் ஒன்றுதான்.

எனவே நான் இப்போது இப்படி எழுதுகிறேன்: “பதிவேட்டில் ‘காஸ்ட்’: மலபார் (தமிழ் பேசுபவர் என்ற பொருளில்). சாதி: பதிவில் இல்லை. பேரனைப் பின்னாளில் சட்டம் ‘இந்தியர்’ என்று வகைப்படுத்தியது.” பழைய தாளை வைத்திருக்கும் உறவினர்களுக்கு இதை இன்னும் ஒவ்வொருவராக அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.