ஏழு சீரும் பதினான்கு சொல்லும்

"குறளை ஆங்கிலத்தில் எழுதிப் பார்க்கிறேன். சுருக்கமாக எழுதினால் தமிழ் தெரியாதவருக்கு விளங்கவில்லை. விளக்கினால் வளவளவென்று ஆகிவிடுகிறது. நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்?"

வெள்ளவத்தையில் வசிக்கிறேன். பகலில் சட்ட ஆவணங்களை மொழிபெயர்ப்பது தொழில், இரவில் குறள். ஒரே குறளை எடுத்து, நான் பட்ட பாட்டோடு சொல்கிறேன். விருந்தோம்பல் அதிகாரத்தின் கடைசிக் குறள் அது.

மோப்பக் குழையும் அனிச்சம் முகந்திரிந்து
நோக்கக் குழையும் விருந்து.

முதல் தடவை இதை முப்பதுக்கு மேற்பட்ட ஆங்கிலச் சொற்களில் எழுதினேன். 'மென்மையான' பூ, 'அதைப் போலவே', விருந்தினரின் 'இதயம்' என்று எல்லாவற்றையும் போட்டேன். என்னோடு வேலை செய்யும், தமிழ் தெரியாத பறங்கிப் பெண்மணி ஒருவரிடம் வாசிக்கக் கொடுத்துவிட்டு, சாப்பாட்டு வேளையில் என்ன நினைவிருக்கிறது என்று கேட்டேன். "விருந்தாளியின் இதயம் நொந்துபோனது" என்றார். பூவை மறந்துவிட்டார். இதயமோ குறளிலேயே இல்லை, நான் கொண்டுவந்து வைத்தது. 1886 இல் வெளியான ஜி. யு. போப்பின் செய்யுள் மொழிபெயர்ப்பிலும் இந்த இடத்தில் இதயம் வருகிறது. அவருக்கு எதுகை போன்ற இறுதி ஒலி தேவைப்பட்டது, நான்கு அடிகளை நிரப்ப வேண்டியிருந்தது. எனக்கு அந்தக் கட்டாயம் எதுவும் இருக்கவில்லை.

அதன் பிறகு ஒரு வழக்கத்தை வைத்துக்கொண்டேன். ஆங்கிலத்துக்குப் போகுமுன் குறளைத் தமிழ் உரைநடையில் முழுதாக எழுதுவேன். மூலத்தில் இல்லாமல் நான் சேர்த்த ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே கோடிடுவேன். இந்தக் குறளில் கோடு விழுந்தவை: மோப்பவர் யார், முகம் யாருடையது, 'ஆனால்', 'வெறுமனே', 'தூரத்திலிருந்தே'. பிறகு ஒவ்வொன்றையும் கேட்பேன்: இதை ஆங்கில வாக்கியத்தின் அமைப்பே சுமந்துவிடுமா, அல்லது தனிச்சொல் கொடுத்துத்தான் ஆக வேண்டுமா?

இங்கே உயிர்நாடி மோத்தலுக்கும் நோக்கலுக்கும் உள்ள இடைவெளிதான். மோப்பதற்குப் பூவை மூக்கருகே கொண்டுவர வேண்டும், நோக்குவதற்குத் தொடவே தேவையில்லை. ஆகவே பூவைவிட விருந்தினர் மென்மையானவர். பரிமேலழகரும் இப்படித்தான் கொள்கிறார். 'அதைப் போலவே' என்று எழுதினால் இரண்டும் சமமாகிப் பொருள் கெடுகிறது. 'அதைவிட' என்று எழுதினால் வள்ளுவர் சொல்லாமல் விட்டதை நாம் போட்டுடைக்கிறோம். இந்த இடத்தில் மூன்று வாரம் நின்றேன். கடைசியில் கைகொடுத்தது 'மஸ்ட்' என்ற துணைவினை. பூ வாட வேண்டுமானால் அதை மோந்தாக வேண்டும் என்று எழுதியதும் ஒப்பீடு தானாக வந்துவிட்டது.

அடுத்தது 'முகந்திரிந்து'. இதைப் பலர் முகத்தைத் திருப்பிக்கொள்வதாக எழுதுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. பால் திரிந்துவிட்டது என்கிறோமே, அந்தத் திரிதல் இது: தன்மை மாறுதல். ஆங்கிலத்திலும் பாலுக்கும் பார்வைக்கும் பொதுவாக 'சவர்' என்ற சொல் இருக்கிறது. ஒரே சொல்லில் முகமும் பார்வையும் அடங்கிவிட்டன, முகம் யாருடையது என்ற கேள்வியும் எழவில்லை. 'விருந்து' என்பதை உணவு என்று எழுதிவிடாதீர்கள், இங்கே அது வந்தவரைக் குறிக்கிறது. 'குழையும்' இருமுறை வருவதால் ஆங்கிலத்திலும் ஒரே வினையை இருமுறை வைத்தேன். அழகுக்காக வினையை மாற்றினால் பூவையும் மனிதரையும் கட்டிவைத்த நூல் அறுந்துவிடும். 'பூ' என்ற சொல்லைச் சேர்க்கவில்லை. மோந்தால் வாடுவது வேறு என்னவாக இருக்க முடியும்?

கடைசியில் நின்றது இது: "ஆன் அனிச்சம் மஸ்ட் பி ஸ்மெல்ட் டு வில்ட், எ கெஸ்ட் வில்ட்ஸ் அட் எ சவர் லுக்." பதினான்கு சொற்கள், மூலத்தின் ஏழு சீருக்கு இருமடங்கு. அவற்றில் ஆங்கில இலக்கணம் கேட்ட சிறு சொற்களைக் கழித்தால் மிச்சம் மூலத்தை ஒட்டியே இருக்கிறது.

அதே பெண்மணியிடம் மறுபடி கொடுத்தேன். இம்முறை அவர் சொன்னது: "பூவை மூக்குவரை கொண்டுபோக வேண்டும். மனிதருக்கு, வாசலில் வரும்போதே நாம் பார்க்கும் பார்வை போதும்." வாசல் என்று நான் எங்கும் எழுதவில்லை.

எல்லாக் குறளும் இப்படி இடம் கொடுப்பதில்லை. "பற்றுக பற்றற்றான் பற்றினை" என்று தொடங்கும் குறளில் 'பற்று' ஆறு தடவை வருகிறது, பெயராகவும் வினையாகவும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் பொருந்தும் ஒரே சொல் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை. அங்கே பொருளை மட்டும் ஒரு வரியில் சொல்லிவிட்டு, ஒலியைப் பற்றிக் கீழே இரண்டு வரி தனிக்குறிப்பாக எழுதுகிறேன். அந்த விளக்கத்தை வரிக்குள் திணிப்பதில்லை.